மாஸ்டரின் மணி விழுந்தது, ஆனால் தோற்றாரா? ("கடன் கொப்பியின் கடைசிப் பக்கம்" கதை குறித்து)

ஜூன் 2, 2025 | கோண்டாவில் வாசகர்

கதையைப் படித்தேன். கடைசிப் பக்கம் பிழை. மாஸ்டருடைய நேரம் முடிகிறது, ஓட்டோத் தம்பி வென்றுவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு நான்கு வரி முன்னால், தம்பியிடம் அரசன் மட்டும்தான் மிச்சம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சதுரங்கத்தில் தனி அரசனை வைத்து யாரும் யாரையும் வெல்ல முடியாது. மாஸ்டரின் மணி விழுந்தாலும், அதாவது அவருடைய நேரம் முடிந்தாலும், ஆட்டம் சமநிலைதான். திருத்துங்கள்.

ஜூன் 2, இரவு | கதை எழுதியவர்

நீங்கள் சொன்னதைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கொக்குவிலில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. கடைக்காரர் சிவம் அண்ணை. ஞாயிறு பின்னேரம் மூன்றரை மணிக்கு, வழக்கமாக வருகிற எட்டுப் பேர் அவருடைய இரண்டு வாங்குகளிலும் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் சதுரங்கம் ஆடுவார்கள். lichess செயலி. பலகை வைக்க அங்கே இடமில்லை. மேசை முழுக்கக் கண்ணாடிக் குவளையும் வடைத் தட்டும் இருக்கும். பழைய மரப் பலகையில் இரண்டு குதிரைகள் காணாமல் போய், அவற்றுக்குப் பதிலாகச் சோடா மூடி வைத்து ஆடிய காலமும் உண்டு. கைத்தொலைபேசி வந்த பிறகு காய் தொலைவதில்லை.

ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்கு சுற்று. வென்றால் ஒன்று, சமநிலைக்கு அரை. சோடி பிரிப்பதும் புள்ளி எழுதுவதும் சிவம் அண்ணை. அவர் கடன் எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதுவார். காசு கட்டக் கூடாது என்பது அவருடைய ஒரே கட்டளை. வெல்கிறவருக்கு அடுத்த ஞாயிறு வரை தினமும் ஒரு பால் தேத்தண்ணீர் இலவசம்.

மாஸ்டர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். ஆட்டம் தெரிந்தவர். ஆனால் விரல் நடுங்கும். ஓட்டோத் தம்பிக்கு ஆட்டம் பாதி, விரல் முழுசு. கடைசிச் சுற்றில் இருவரும் சந்திக்கிறார்கள். நான் மாஸ்டரைத் தோற்க வைத்தேன்.

ஜூன் 3 | கதை எழுதியவர்

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாசகர் சொன்ன திருத்தம் சிறிய திருத்தம் அல்ல. கதையையே புரட்டுகிறது.

எட்டுப் பேர், தோற்காமல் வந்தவர்களை ஒருவரோடு ஒருவர் மோத விட்டால், மூன்று சுற்று முடிவில் மூன்றுக்கு மூன்று வைத்திருப்பவர் ஒருவர்தான் இருக்க முடியும். என் கதையில் அவர் மாஸ்டர். தம்பி இரண்டாம் சுற்றில் ஒன்று தோற்றவன், அவனிடம் இரண்டு. நான்காவது சுற்றில் தம்பி வென்றால் இருவருக்கும் மூன்று. அப்படி வந்தால் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் யார் வென்றாரோ அவருக்கே தேத்தண்ணீர் என்பது சிவம் அண்ணையின் வழக்கம். மற்ற மேசையில் இரண்டு புள்ளி வைத்திருந்த இருவரும் சமநிலை செய்து இரண்டரையில் நின்றுவிட்டதால் மூன்றாவது ஆள் யாரும் இல்லை. ஆகவே தம்பிக்கு.

ஆனால் அந்த ஆட்டம் சமநிலை என்றால்? மாஸ்டருக்கு மூன்றரை, தம்பிக்கு இரண்டரை. மாஸ்டர் தனியாக முதலிடம். நான் அழ வைத்த இடத்தில் அவர் வென்று நிற்கிறார்.

ஜூன் 3, பின்னேரம் | கதை எழுதியவர்

சொல்ல மறந்தேன். சோடி பிரிக்கிற அந்த முறைக்குப் பெரிய போட்டிகளில் சுவிஸ் முறை என்று பெயர். சிவம் அண்ணைக்கு அந்தப் பெயர் தெரியாது. "வென்றவனை வென்றவனோடு விடு, ஒருமுறை ஆடியவனை மறுபடி விடாதே" என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். இதில் ஒரு எழுத்தும் நான் கற்பனை செய்யவில்லை. இப்படி ஒரு கடையில் இப்படி ஒருவரைப் பார்த்துத்தான் எழுதினேன்.

ஜூன் 4 | டொரன்டோ வாசகர்

ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் அப்பாவின் கடை வாசலில் டாம் பலகை சுவரோடு சாய்த்து வைத்திருக்கும். தோற்றவர் வெறும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அது போகட்டும். மாஸ்டருக்கு நேரம் போதவில்லை என்று தெரிந்தால் சிவம் அண்ணை மணியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாமே? கடை அவருடையது. இதற்கு ஏன் இத்தனை விவாதம் என்று விளங்கவில்லை.

ஜூன் 4 | கதை எழுதியவர்

உங்கள் அப்பாவின் கடையில் நிறுத்தலாம். மரப் பலகைப் பக்கத்தில் மணி இருந்தால் நடுவர் கையை வைத்து நிறுத்துவார். கைத்தொலைபேசியில் மணி கடைக்குள் இல்லை, தூரத்து வழங்கியில் ஓடுகிறது. 2022 இல் மின்வெட்டுக் காலத்தில் இதை நாங்கள் நேரிலேயே பார்த்தோம். மின்சாரம் போய் வைஃபை அணைந்துவிடும். திரையில் பலகை அப்படியே உறைந்து நிற்கும். மணியும் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆள் வடை கடித்துக்கொண்டிருப்பார். தன் டேட்டாவைத் திறந்து மீண்டும் உள்ளே போனால் இரண்டு நிமிடம் போயிருக்கும். சிவம் அண்ணையால் அங்கே மெழுகுதிரிதான் கொளுத்த முடிந்தது.

ஜூன் 5 | மானிப்பாய் வாசகி

பாடசாலைப் போட்டிகளில் சில வருடங்கள் நடுவராக இருந்தவள் என்ற முறையில் இரண்டு விடயம்.

ஒன்று, கோண்டாவில் வாசகர் சொன்னது சரி. எதிராளியிடம் தனி அரசன் மட்டும் இருந்தால், உங்கள் மணி விழுந்தாலும் சமநிலை.

இரண்டு, டொரன்டோ அண்ணா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. நிறுத்த முடியாது, ஆனால் கூட்டலாம். நண்பர்கள் ஒருவரை ஒருவர் அழைத்து ஆடுகிற ஆட்டங்களில் எதிராளியின் மணிக்கு 15 விநாடி கொடுக்கிற பொத்தான் ஒன்று அந்தச் செயலியில் உண்டு. கொடுக்கக் கூடியவர் எதிராளி மட்டும்தான், கடைக்காரர் அல்ல. உங்கள் கதையில் தம்பியின் பெருவிரலுக்குக் கீழே அது இருந்திருக்கிறது. அதை ஏன் நீங்கள் எழுதவில்லை?

ஜூன் 5, இரவு | கதை எழுதியவர்

எனக்குத் தெரியாது, அக்கா. அதனால்தான் எழுதவில்லை. நான் அந்த வாங்கில் உட்கார்ந்து மூன்று வருடமாகப் பார்க்கிறேன், ஒருவரும் அழுத்திக் கண்டதில்லை.

ஜூன் 6 | கதை எழுதியவர்

நேற்றிரவு அந்த 15 விநாடியைக் கதைக்குள் கொண்டு வந்து ஒரு பக்கம் எழுதினேன். காலையில் கிழித்துவிட்டேன். தம்பி கொடுத்தால் அவன் நல்ல பிள்ளை ஆகிவிடுகிறான், மாஸ்டர் இரக்கப்பட வேண்டியவர் ஆகிவிடுகிறார். அந்த மனிதர் வகுப்பில் பரீட்சைத் தாள் வாங்கும்போது ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்காதவர். தனக்கு ஒருவர் நேரம் போடுவதைத் தாங்க மாட்டார்.

வேறு வழி இருக்கிறதா? தம்பியிடம் அரசனோடு ஒரு குதிரையையும் மிச்சம் வைத்துவிட்டால் என்ன? அப்போது மணி விழுந்தால் மாஸ்டர் தோற்பார் அல்லவா? என் பழைய முடிவு அப்படியே நிற்கும்.

ஜூன் 6 | கோண்டாவில் வாசகர்

நிற்காது. அரசனும் ஒற்றைக் குதிரையும் சேர்ந்து யாரையும் மடக்க முடியாது. அதுவும் சமநிலைதான். எந்தப் புத்தகத்திலும் முதல் பாடம் இது.

ஜூன் 7 | மானிப்பாய் வாசகி

அந்த முதல் பாடம், மாஸ்டரிடமும் வெறும் அரசன் மட்டும் இருக்கும்போது. மாஸ்டரிடம் என்ன இருக்கிறது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. மணி விழும்போது விதி கேட்கிற கேள்வி, "தம்பியால் மடக்க முடியுமா" என்பது அல்ல. "இரண்டு பேரும் எவ்வளவு மடத்தனமாக ஆடினாலும் சரி, தம்பி மடக்கிய நிலை ஒன்று வரவே வழியில்லையா" என்பதுதான். வழி ஒன்று இருந்தாலும் தம்பிக்கு வெற்றி.

மாஸ்டரிடம் ஒரு கோட்டை இருக்கிறது என்று வையுங்கள். மாஸ்டரின் அரசன் மூலையில் h8 இல், அவருடைய கோட்டை பக்கத்துக் கட்டம் g8 இல். தம்பியின் அரசன் h6, குதிரை f7. குதிரை அரசனைத் தாக்குகிறது. தப்புவதற்கு g7 உம் h7 உம் தம்பியின் அரசனின் கைக்குள். g8 இல் சொந்தக் கோட்டையே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோட்டையால் f7 குதிரையை வெட்டவும் முடியாது, அது நேராகத்தான் போகும். ஆட்டம் முடிந்தது. யாரும் இப்படி ஆட மாட்டார்கள், ஆனால் ஆட முடியும். ஆகவே கோட்டை வைத்திருக்கிற மாஸ்டரின் மணி விழுந்தால், ஒற்றைக் குதிரை வைத்திருக்கிற தம்பி வெல்கிறான்.

அதே இடத்தில் மாஸ்டரிடம் கோட்டைக்குப் பதில் ராணி மட்டும் இருந்தால் கதை வேறு. g8 ராணி குறுக்கே வந்து f7 குதிரையை வெட்டிவிடும். ராணிக்கு எதிராக ஒற்றைக் குதிரையால் அப்படி ஒரு நிலையை உண்டாக்கவே முடியாது. அங்கே சமநிலை.

ஜூன் 7 | கோண்டாவில் வாசகர்

கோட்டை உள்ளவன் தோற்பான், ராணி உள்ளவன் தோற்க மாட்டான் என்றால் அது நியாயமான விதியாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்துவிட்டு நம்புகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு இரவு | கதை எழுதியவர்

பார்த்துவிட்டு வந்தேன்.

இன்று கடையில் நாலாவது சுற்று முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு, நான் என் கைத்தொலைபேசியையும் கடைக்காரர் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தோம். காய்களை விரும்பிய கட்டத்தில் வைத்து ஆட்டம் தொடங்க அந்தச் செயலியில் வழி இருக்கிறது. ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தோம். முதலில் எனக்கு அரசனும் கோட்டையும், அவருக்குத் தனி அரசன். இருவரும் முதல் நகர்வை வைத்த பிறகுதான் மணி ஓடத் தொடங்கியது. என் முறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சுழியம் வந்தது. திரையில் ½–½, சமநிலை.

இரண்டாவது முறை அவருக்கு ஒரு குதிரை கூடுதலாக. மறுபடி கையைக் கட்டினேன். அவர் வென்றதாகக் காட்டியது.

மூன்றாவது, எனக்குக் கோட்டைக்குப் பதில் ராணி. மறுபடி ½–½. மானிப்பாய் அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

கடைக்காரருக்குக் காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். மூன்றையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அப்படியானால் மாஸ்டருக்குப் பாரம் அந்தக் கோட்டைதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வசனம்தான் காதில்.

ஜூன் 9 | கதை எழுதியவர்

புதிய முடிவு இப்படி. மாஸ்டரிடம் கோட்டை, தம்பியிடம் குதிரை. மாஸ்டருக்கு ஒன்பது விநாடி, தம்பிக்கு ஒன்றரை நிமிடம். மாஸ்டர் சமநிலை கேட்கிறார், தம்பி மறுக்கிறான். மறுப்பது அவன் உரிமை, மணியில் அவன் வெல்லப் போகிறான். மாஸ்டருக்கு விதி தெரியும். தன் கோட்டை பலகையில் இருக்கும் வரை மணி தன்னைத் தோற்கடிக்கும் என்று தெரியும். அது போய்விட்டால் அரசனுக்கு எதிராக அரசனும் குதிரையும், அந்தக் கணமே ஆட்டம் சமநிலையில் முடியும். ஆகவே கோட்டையைக் கொண்டுபோய்த் தம்பியின் அரசனுக்கு முன்னால் வைக்கிறார். தம்பி யோசிக்காமல் வெட்டுகிறான்.

ஜூன் 9 | கோண்டாவில் வாசகர்

ஒப்புக்கொள்கிறேன், குதிரை விடயத்தில் நான் பாதிதான் படித்திருக்கிறேன். ஆனால் உங்கள் தம்பி ஏன் வெட்ட வேண்டும்? வெட்டாமல் அரசனை ஒதுக்கிவிட்டால் கோட்டை பலகையில் நிற்கும், மணி விழும், தம்பி வெல்வான். ஓட்டோ ஓட்டுகிறவன் என்பதற்காக அவனை மூளையில்லாதவனாக ஆக்காதீர்கள். நானும் ஓட்டோதான் ஓட்டுகிறேன்.

ஜூன் 10 | கதை எழுதியவர்

மன்னிக்க வேண்டும். நான் தம்பியைக் குறைவாக எழுதியிருக்கிறேன், அது உண்மை. விரல் முழுசு, ஆட்டம் பாதி என்ற வரியையும் எடுத்துவிடுகிறேன்.

ஜூன் 11 | மானிப்பாய் வாசகி

கோட்டையைக் கொடுக்க வேண்டியதில்லை. கோட்டையால் குதிரையை வெட்டட்டும்.

கோட்டைக்கு எதிராகக் குதிரையை வைத்துத் தாக்குப் பிடிக்கிற எவரும் குதிரையை அரசனோடு ஒட்டியே வைத்திருப்பார். பிரித்து விட்டால் குதிரை பிடிபட்டுவிடும். உங்கள் தம்பி கெட்டிக்காரன் என்றால் அப்படித்தான் வைத்திருப்பான். ஆகவே மாஸ்டர் வெட்டக் கூடிய தூரத்தில் குதிரை நிற்கும், அரசன் அதைக் காத்துக்கொண்டு நிற்கும். மாஸ்டர் வெட்டுகிறார். தம்பி திருப்பி வெட்டினால் இரண்டு தனி அரசர்கள், உடனே சமநிலை. வெட்டாமல் விலகினால் தம்பியிடம் தனி அரசன், மணி விழுந்தாலும் சமநிலை. தம்பி எதைச் செய்தாலும் மாஸ்டருக்கு அரைப் புள்ளி உறுதி. யாரும் மடையனாக இருக்கத் தேவையில்லை.

ஜூன் 11, நள்ளிரவு | கதை எழுதியவர்

அக்கா, இதைப் படித்துவிட்டு எழுந்து முற்றத்தில் நடந்தேன்.

இது கடைக்காரரின் கதை, அதை நான் இத்தனை நாளும் மறந்து எழுதிக்கொண்டிருந்தேன். சிவம் அண்ணை என்ன காண்கிறார்? அவருக்குத் தெரிந்த கணக்கு, கோட்டைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று. கொப்பியின் மட்டையில் எழுதி வைத்திருக்கிறார். மாஸ்டர் ஐந்தைக் கொடுத்து மூன்றை எடுக்கிறார். விரல் நடுங்கித் தவறான கட்டத்தில் பட்டுவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். அவர் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் திரும்பித் தம்பிக்குரிய குவளையைக் கழுவத் தொடங்குவார்.

ஜூன் 13 | டொரன்டோ வாசகர்

இப்போதுதான் எல்லாவற்றையும் மேலிருந்து படித்தேன். ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று விநாடி சேர்த்துக் கொடுக்கிற முறையை என் மகன் ஆடுகிறான். அதை வைத்திருந்தால் மாஸ்டர் இந்தப் பாடே படத் தேவையில்லை.

ஜூன் 14 | கதை எழுதியவர்

உண்மை, அண்ணா. இதைக் கடைக்காரரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். இப்போது ஆடுகிற 5+0, ஆளுக்கு ஐந்து நிமிடம், நகர்வுக்குக் கூட்டல் இல்லை என்றால் ஓர் ஆட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. நான்கு சுற்றும், இடையில் சோடி பிரிப்பதும் சேர்த்து ஐந்து மணிக்கு முன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு வாங்கு வேண்டும். நீங்கள் சொன்னபடி நகர்வுக்கு மூன்று விநாடி சேர்த்து 5+3 என்றால் நாற்பது நகர்வு ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடும், அது பரவாயில்லை. ஆனால் கோட்டையும் குதிரையுமாக இழுபடுகிற ஆட்டம் எண்பது நகர்வு போகும். ஆளுக்கு நான்கு நிமிடம் கூடி, அந்த ஓர் ஆட்டம் 18 நிமிடம். எல்லோரும் முடித்த பிறகே அடுத்த சுற்றுச் சோடி பிரிக்க முடியும் என்பதால், இழுக்கிற அந்த ஒரு மேசைக்காக ஆறு பேர் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கிறவர்கள் இன்னொரு தேத்தண்ணீர் குடிப்பார்களே என்றேன். "குடிப்பார்கள், கடனுக்கு" என்றார்.

எனக்கு இதில் இன்னும் தெளிவில்லை. மாஸ்டருக்காக 5+3 வைத்தால் அது அவருக்கு மட்டும் சலுகையா, அல்லது ஆட்டம் தெரிந்தவர் வெல்ல வேண்டும் என்ற நியாயமா? கடையில் இளையவர்கள் முதலாவது என்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். கதைக்குள் இதைத் தீர்க்கப் போவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு | கோண்டாவில் வாசகர்

இன்று என் ஓட்டோவைக் கொக்குவில் பக்கம் விட்டேன். கடையைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். ஒன்பதாவது ஆளாகப் போனதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா இருக்க வேண்டி வந்தது. முதல் சுற்றில் நான் சும்மா இருந்தேன், கொப்பியில் எனக்கு ஒரு புள்ளி போட்டார். பிறகு மூன்றும் தோற்றேன். வடை நன்று.

ஜூன் 16 | கதை எழுதியவர்

நேற்று நான் கடைக்குப் போகவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்தியை இங்கேயே இடுகிறேன்.

"மாஸ்டரின் விரல் கோட்டையின் மேல் வந்து நின்றது. இரண்டு விநாடி. அது குதிரை நின்ற கட்டத்தில் விழுந்ததைச் சிவம் கண்டார். ஐயோ என்றது அவர் வாய், சத்தம் வரவில்லை. திரும்பித் தம்பியின் குவளையை எடுத்து வெந்நீரில் அலசினார். சீனி போட்டார். தம்பிக்கு இரண்டரைக் கரண்டி. பாலை ஊற்றி, கையை உயர்த்தி ஆற்றும்போது வாங்கில் யாரும் பேசவில்லை என்பது உறைத்தது. குவளையோடு வந்தார். தம்பி அதை வாங்காமல் மாஸ்டரின் பக்கம் தள்ளி வைத்தான். மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி கூடிப்போயிற்று என்றார்."

ஜூன் 17 | மானிப்பாய் வாசகி

½–½ என்று திரையில் காட்டியதை எழுதாமல் விட்டது நல்லது.

ஜூன் 18 | கதை எழுதியவர்

கடைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். ஆற்றிய பிறகு குவளையில் நுரை நிற்க வேண்டும், அதை எழுதவில்லை என்றார். சேர்த்துவிட்டேன்.